நாய்க்கடி பற்றிப் பேசியபின் வரும் கேள்விகள்: ஒரு மருத்துவ அலுவலருக்குப் பதில்

வாசகர் கடிதம்

“நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளிலும் கிராமங்களிலும் நாய்க்கடி, வெறிநோய் பற்றிப் பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிடப் பேச்சைச் சமாளித்துவிடுகிறேன். அதன்பின் வரும் கேள்வி நேரத்தில்தான் தடுமாறுகிறேன். சென்ற முறை ஒருவர் எழுந்து, ‘போன மாசம் என் பையனை நாய் கடிச்சப்ப உங்க ஆஸ்பத்திரியில ஊசி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டீங்க, இப்ப எதுக்கு வந்து பேசுறீங்க?’ என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. இன்னொருவர் தெருநாய்களை ஏன் பிடிப்பதில்லை என்று சண்டைக்கு வந்தார். ஒரு பாட்டி, மிளகாய்த்தூள் வைத்தே எத்தனையோ பேர் பிழைத்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். இப்படிப்பட்ட கேள்விகளிலிருந்து நம் பேச்சுக்குத் திரும்பி வர ‘இணைப்பு வரிகள்’ இருப்பதாக ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டேன். பதில்களை எழுதி மனப்பாடம் செய்தும் பார்த்தேன். மேடையில் மறந்துபோகிறது, மறக்காவிட்டால் ஒப்பிப்பதுபோல இருக்கிறது. தெரியாது என்று சொன்னால் மருத்துவர் என்ற மதிப்புப் போய்விடும் என்றும் பயம். அடுத்த மாதம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. எப்படித் தயாராவது?”

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

இணைப்பு வரி எதற்காக என்பதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை. கேள்வியிலிருந்து தப்பி நம்முடைய பேச்சுக்குத் திரும்புவதற்கான வரி என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சிப் பேட்டிகளில் அது அப்படித்தான் பயன்படுகிறது என்பதால் அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் ஊர்க் கூட்டத்தில் கேள்வி கேட்பவர் நாளை காலையில் உங்கள் புறநோயாளர் வரிசையில் நிற்கப்போகிறவர். அவரிடம் நழுவினால் அந்த நழுவல் உங்களுடன் மருத்துவமனை வரைக்கும் வரும். உங்களுக்கு வேண்டிய இணைப்பு வரி, கேட்டவரின் கோபத்திலிருந்தோ நம்பிக்கையிலிருந்தோ கிளம்பி, அவர் செய்ய வேண்டிய காரியத்தில் போய் முடிகிற வரி. கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் அது வர வேண்டும். பதிலுக்குப் பதிலாக அதை வைக்கக் கூடாது.

பொது சுகாதாரப் பணியில் இருந்த காலத்தில் இத்தகைய கூட்டங்களின் பின்வரிசையில் உட்கார்ந்து நிறையக் கேட்டிருக்கிறேன். இணைப்பு வரி முந்திக்கொண்டு வந்துவிட்டது என்பதை அங்கிருந்து எளிதில் கண்டுபிடிக்கலாம்: கேட்டவர் உட்கார மாட்டார். அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்பார், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிப் பேசத் தொடங்குவார். பதில் கிடைத்தவர், அது பிடிக்காத பதிலாக இருந்தாலும், உட்கார்ந்துவிடுவார்.

ஊசி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட தந்தை

உங்களை வாயடைக்க வைத்த அந்தக் கேள்வியைச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். அதை அந்த இடத்தில் நீங்கள் ஒரு குற்றச்சாட்டாகக் கேட்டீர்கள். அதற்குள் ஒரு நோயாளியும் இருக்கிறார். நாய் கடித்த சிறுவன் ஊசி போடாமல் திருப்பி அனுப்பப்பட்டான் என்று தந்தை சொல்கிறார். அதன்பின் வேறெங்காவது போட்டார்களா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. வெறிநோயின் அறிகுறிகள் பெரும்பாலும் கடிபட்டதிலிருந்து ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் தோன்றுகின்றன, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. தோன்றும் வரை தடுப்பூசிக்கு நேரம் கடந்துவிடவில்லை. ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தயாராவதற்கு முன், கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி அந்தக் குடும்பத்தை இந்த வாரமே கண்டுபிடித்து, பையனின் ஊசி அட்டையைப் பாருங்கள். போடப்படவில்லை என்றால் அன்றைக்கே தொடங்குங்கள்.

இதே கேள்வி மறுபடி வந்தால் எப்படிச் சொல்லலாம் என்பதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன். சொற்களை உங்கள் வட்டார வழக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

“ஐயா, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. தம்பிக்கு அப்புறம் வேற எங்கயாவது ஊசி போட்டீங்களா?” (அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். போடவில்லை என்றால், “கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பார்க்காமப் போயிடாதீங்க, இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டுத் தொடர வேண்டும்.) “கடிபட்ட பிள்ளையத் தூக்கிட்டு வந்து ஊசி இல்லாமத் திரும்பிப் போனது ரொம்பத் தப்பு. அப்படி நடந்திருக்கக் கூடாது. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு பதிவேட்டைப் பார்த்து உங்களுக்கு நானே சொல்றேன். இதுல இங்க இருக்கிற எல்லாருக்கும் வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. எந்த ஆஸ்பத்திரியில ஊசி இல்லைன்னு சொன்னாலும் நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க. பக்கத்துல எங்க இருக்குன்னு அங்கயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, இல்லைன்னா 104-க்கு போன் பண்ணிக் கேளுங்க. நாலு நாள் தள்ளிப் போயிருந்தாலும் பரவாயில்ல, போட்டே ஆகணும்.”

இதில் இணைப்பு வரி ஒன்றே ஒன்றுதான்: “இதுல இங்க இருக்கிற எல்லாருக்கும் வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு.” அதற்கு முன்னால் ஒரு விசாரிப்பு, ஓர் ஒப்புக்கொள்ளல், ஒரு வாக்குறுதி என மூன்று இருக்கின்றன. அவை மூன்றும் வந்த பிறகு அந்த வரியைச் சொன்னால் கூட்டம் உங்களுடன் நகரும். அவை இல்லாமல் அதே வரியை முதலிலேயே சொன்னால், மாற்றிப் பேசுகிறார் என்றுதான் கேட்பவர்களுக்குப் படும். “அது நிர்வாகப் பிரச்சினை, நான் பேச வந்தது விழிப்புணர்வு பற்றி” என்பதுபோன்ற வரியை எந்தப் பயிற்சியில் கொடுத்திருந்தாலும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அந்தத் தந்தைக்கு நிர்வாகமும் விழிப்புணர்வும் வேறுவேறு அல்ல.

அரசுப் பணியில் இருந்துகொண்டு இப்படி ஒப்புக்கொள்ளலாமா என்ற தயக்கம் உங்களுக்கு எழும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசின் கொள்கையையும் நடவடிக்கையையும் பொதுவெளியில் விமர்சிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் நோயாளி அலைந்ததற்கு வருந்துவதும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்பதும் கொள்கை விமர்சனம் ஆகா. எல்லையைத் தாண்டும் வாக்கியங்கள் வேறு வகையானவை: “மேலிருந்தே சப்ளை வருவதில்லை”, “மருந்துக் கிடங்கில் கேட்டால் கண்டுகொள்வதில்லை” என்பன. அவை உங்களுக்குச் சிக்கலைக் கொண்டுவரும். கேட்பவருக்கோ எந்த வழியையும் காட்டா. “இனிமேல் ஊசி இல்லை என்ற பேச்சே இருக்காது” என்ற உறுதிமொழியும் அதே அளவுக்கு ஆபத்தானது, ஏனென்றால் அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இல்லை. பதிவேட்டைப் பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கூட்டத்தில் ஒருவராவது கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் நாற்பது நொடிப் பதிலில் பத்து நொடி மட்டும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். அதற்காக மழுப்பிப் பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிலிலும் முதல் வாக்கியம் தனியே வெட்டி எடுக்கப்பட்டாலும் உண்மையாகவும் ஆபத்தில்லாமலும் நிற்க வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். “வீட்டு நாய் கடித்தால் பயப்பட வேண்டாம்” என்று தொடங்கி, “ஆனாலும் ஊசி போட வேண்டும்” என்று முடிக்கும் பதில், வெட்டப்பட்டால் ஓர் உயிருக்கு ஆபத்தாகிவிடும். “வீட்டு நாய் கடிச்சாலும் ஊசியை உடனே ஆரம்பிக்கணும்” என்று தொடங்கிவிட்டு, பத்து நாள் நாயைக் கவனித்த பிறகு மீதி ஊசிகளை என்ன செய்வதென்று மருத்துவர் முடிவுசெய்வார் என்பதைப் பின்னால் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்கான தயாரிப்பில் பாதி சொற்களில் இல்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் மருந்தாளுநரிடம் அன்றைய தடுப்பூசி இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆழமான, இரத்தம் வந்த கடிகளுக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் உங்கள் நிலையத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும் என்பதை அங்கே ஒருமுறை பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த விவரம் கையில் இருந்தால் உங்கள் குரலே மாறும். இல்லாதபோது எந்த இணைப்பு வரியும் அதை மறைக்காது.

எழுதிய பதில் ஏன் வாயில் வருவதில்லை

மறந்துபோவதற்குக் காரணம் உங்கள் நினைவாற்றல் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியது பேசுவதற்கான தமிழ் அல்ல என்பதுதான் பெரும்பாலும் காரணம். “நாய் கடித்தவுடன் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவிய பின்னர், தாமதமின்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகி, மருத்துவர் குறிப்பிடும் தவணைகளில் தடுப்பூசியை முழுமையாகச் செலுத்திக்கொள்ள வேண்டும்” என்று தாளில் எழுதுகிறோம். தாளுக்கு இது சரியான வாக்கியம்தான். ஆனால் இதன் வினைமுற்று கடைசியில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல் நழுவினால் முடிவுக்குப் போய்ச் சேர முடியாது. கேட்பவரும் கடைசிச் சொல் வரும்வரை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று காத்திருக்க வேண்டும். இதே விஷயம் வாயில் இப்படி வரும்:

“கழுவுங்க. அதுதான் முதல் வைத்தியம். குழாயத் திறந்து விட்டு, சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கழுவுங்க. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. அன்னைக்கே. ராத்திரி ஆனாலும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.”

ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்கிறது. ஒன்று விட்டுப்போனாலும் மற்றது விழாது. இத்தகைய பதிலை எழுதி உருவாக்க முயலாதீர்கள். கேள்வியை யாராவது கேட்க, கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, வீட்டில் அம்மாவிடம் விளக்குவதுபோல ஒருமுறை சொல்லுங்கள். பிறகு அதைக் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள்; சுற்றிவளைத்த இடங்களை வெட்டுங்கள். முப்பது முதல் நாற்பத்தைந்து நொடிக்குள் அடங்கினால் போதும். அதைவிட நீண்டால் கேள்வி நேரம் இரண்டாவது பேச்சாகிவிடும்.

அப்படிச் செதுக்கிய பதிலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு கேள்விக்கு ஓர் அட்டை வைத்துக்கொண்டு, அதில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: முதல் வாக்கியம், தவறக் கூடாத எண் அல்லது பெயர், கடைசி வாக்கியம். முதல் வாக்கியம் சொல்லுக்குச் சொல் நினைவில் இருக்க வேண்டும், ஏனென்றால் பதற்றம் அங்கேதான் உங்களைப் பிடிக்கிறது. கடைசி வாக்கியமும் அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிலை நிறுத்தத் தெரியாமல் இழுத்துக்கொண்டே போவோம். நடுவில் உள்ளதை நீங்கள் தினமும் நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அது தானாக வரும்.

எண்ணைச் சொல்வதில் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. “பூஜ்யமாம் நாள்” என்பது மேடையிலிருந்து கேட்கும் பெற்றோருக்கு விளங்காது. கடித்த நாளிலிருந்து எண்ணுவதா, முதல் ஊசியிலிருந்து எண்ணுவதா என்ற குழப்பமும் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “முதல் ஊசி திங்கக்கிழமைன்னு வைங்க. ரெண்டாவது வியாழக்கிழமை. மூணாவது அடுத்த திங்கள். கடைசி ஊசி, முதல் ஊசி போட்டு நாலு வாரம் முடியுற திங்கள். கடைசியா வர்றதுதான் நிறையப் பேருக்கு மறந்துபோகும், அதைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.” தனியாரில் ஐந்து ஊசி என்றார்களே என்று உடனே ஒருவர் கேட்பார். அங்கே தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் ஓர் ஊசி உண்டு. போடும் இடமும் அளவும் வேறு, எந்த முறையில் தொடங்கினாலும் முழுதாக முடித்தால் பாதுகாப்பு ஒன்றுதான் என்பது அதற்கான பதில். இதற்கு இணைப்பு வரி எதுவும் வேண்டாம். தகவல் கேட்டவருக்குத் தகவலைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம். கேள்விகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதான். எல்லாவற்றிலும் இணைப்பு வரியைச் சேர்த்தால் அது மந்திரம்போல ஒலிக்கத் தொடங்கி, உண்மையில் தேவைப்படும் இடத்தில் பலனில்லாமல் போகும்.

பாட்டி பார்த்தது பொய் அல்ல

மிளகாய்த்தூள் பற்றிப் பாட்டி சொன்னதை எதிர்கொள்ள, அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொன்ன நொடியில் அந்தக் கூடத்தில் உள்ள பாதிப் பேருடைய வீட்டுப் பெரியவரை நீங்கள் தாழ்த்திப் பேசியவர் ஆகிவிடுவீர்கள். பாட்டி கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். கடித்த எல்லா நாய்க்கும் வெறிநோய் இருப்பதில்லை. நோய் இல்லாத நாய் கடித்தவர்கள் எதைத் தடவினாலும், எதையும் தடவாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். அவர் பார்த்ததை ஏற்றுக்கொண்டு, அதன் காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்வதுதான் இங்கே இணைப்பு.

“பாட்டி சொல்றது நடந்ததுதான். அவங்க பார்த்த ஆளுங்க பிழைச்சிருக்காங்க. ஏன்னா அந்த நாய்க்கு நோய் இல்ல. நோய் இருக்கிற நாயா இருந்தா, காயத்து மேல எது வச்சாலும் காப்பாத்தாது. எந்த நாய்க்கு இருக்கு, எதுக்கு இல்லைன்னு பார்த்த உடனே யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. அதனாலதான் காயத்துல சோப்பும் தண்ணியும் மட்டும். வேற எதுவும் வேண்டாம்.”

“என்னாலயும் முடியாது” என்பதை விட்டுவிடாதீர்கள். பாட்டிக்குத் தெரியாதது மருத்துவருக்குத் தெரியும் என்ற ஏற்றத்தாழ்வை அது எடுத்துவிடுகிறது.

கேள்வியைத் திருப்பிச் சொல்வது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒலிவாங்கி மேடையில் மட்டும் இருக்கும் கூடங்களில், எழுந்து கேட்டவரின் குரல் முன்வரிசைக்கு மட்டுமே கேட்கும். ஆகவே கேள்வியை நீங்கள் ஒருமுறை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பதிலை ஒழுங்குபடுத்த உங்களுக்கும் சில நொடிகள் கிடைக்கும். ஆனால் தவறான நம்பிக்கையை ஒலிபெருக்கியில் திருப்பிச் சொன்னால், பின்வரிசையில் இருப்பவருக்கு முதலில் காதில் விழுவது அதுவாகத்தான் இருக்கும். பாதி கேட்டுவிட்டுப் போகிறவர் டாக்டரே மிளகாய்த்தூள் பற்றிப் பேசினார் என்று எடுத்துச் செல்வார். “காயத்து மேல என்ன வைக்கலாம்னு பாட்டி கேக்குறாங்க” என்று நடுநிலையாக மாற்றிச் சொல்லுங்கள். குற்றச்சாட்டுக்கும் அப்படியே: “ஊசி கிடைக்காம அலைஞ்சதைப் பத்திக் கேக்குறாங்க” என்றால் போதும். ஆனால் அதன் கூர்மையை முழுதும் மழுங்கடித்துவிடக் கூடாது. கேட்டவர் ‘நான் கேட்டது அது இல்லை’ என்று எழுந்துவிடுவார்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியா என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் வரும். அந்தப் பழைய மருந்து நிறுத்தப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன, இப்போது கையில்தான் போடுகிறோம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக் கடந்துவிடலாம்.

பதில் உங்களிடம் இல்லாதபோது

தெரியாது என்றால் மதிப்புப் போகும் என்ற உங்கள் பயத்தை முழுவதும் தவறென்று சொல்ல மாட்டேன். எதைத் தெரியாது என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. கர்ப்பிணிகள் ஊசி போடலாமா, கைக்குழந்தைக்குப் போடலாமா, ஏற்கெனவே முழுதாகப் போட்டவரை மறுபடி நாய் கடித்தால் எத்தனை ஊசி, பூனைக்கும் குரங்குக்கும் இது பொருந்துமா என்பவற்றுக்குத் தடுமாறினால் மதிப்புப் போகத்தான் செய்யும். கர்ப்பமும் குழந்தைப் பருவமும் தடையல்ல. முன்பு முழுத் தவணையும் போட்டவருக்கு 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. பூனைக்கும் குரங்குக்கும் பொருந்தும். இவை உங்கள் அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டியவை.

நம் ஊரில் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டால் அது வேறு. அந்த எண் உங்களிடம் இல்லாமல் இருப்பதில் குறையில்லை. ஊகித்துச் சொன்னால்தான் குறை. “அந்தக் கணக்கு என்கிட்ட இல்ல. கால்நடை மருந்தகத்துல இருக்கும். நான் கேட்டு, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள தலைமையாசிரியர்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன், பள்ளிக்கூடப் பலகையில போடச் சொல்லுங்க.” யாரிடம் இருக்கிறது, எப்போது சொல்வேன், எந்த வழியில் வந்து சேரும் என்ற மூன்றும் இருந்தால் ‘தெரியாது’ என்ற சொல் மதிப்பைக் குறைப்பதில்லை. அந்த வெள்ளிக்கிழமை உண்மையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தெருநாய்களைப் பற்றிய கேள்விதான் இவற்றில் கடினமானது. அதில் கேட்பவரின் பயமும் நாயை நேசிப்பவரின் கோபமும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023, நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்திருக்கின்றன. தெருநாய்களை என்ன செய்வது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது, உத்தரவுகளும் மாறியிருக்கின்றன. நீங்கள் இதில் சட்டக் கருத்துச் சொல்ல வேண்டாம், பிடிக்கலாம் கூடாது என்று பக்கம் எடுக்கவும் வேண்டாம். யாருடைய வேலை என்பதைச் சொல்லி, அங்கே போவதற்கு ஒரு வழியையும் காட்டிவிட்டு, உங்கள் துறைக்கு வாருங்கள்:

“பிள்ளைங்களைத் தனியா அனுப்பப் பயமா இருக்குன்னு சொல்றீங்க, அந்தப் பயம் நியாயமானது. நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி போடுறது உள்ளாட்சியோட பொறுப்பு. எந்தத் தெருவுல தொந்தரவு அதிகம்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, கடிபட்டு எங்ககிட்ட வந்தவங்க எண்ணிக்கையையும் சேர்த்து நானே அனுப்பி வைக்கிறேன். அவங்க செய்யுற வரைக்கும் நாம செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. நாய் பிறாண்டினாக்கூடப் பிள்ளைங்க வீட்டுல வந்து சொல்லணும். திட்டுவாங்கன்னு மறைச்சிடுதுங்க. அதுதான் எனக்குப் பெரிய பயம்.”

“அவங்க செய்யுற வரைக்கும்” என்பதுதான் இங்கே இணைப்பு வரி. பொறுப்பு அவர்களுடையது என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை, காத்திருக்கவும் சொல்லவில்லை. கடிபட்டோர் எண்ணிக்கையை அனுப்புகிறேன் என்பதற்கு முன்பே உங்கள் மேலதிகாரியிடம் வாய்மொழியாகவாவது ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பெயர்களை அனுப்பக் கூடாது, தெருவும் எண்ணிக்கையும் போதும். முடியுமானால் கால்நடை உதவி மருத்துவரையும் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலர் ஒருவரையும் அதே மேடையில் உட்காரவைக்கும்படி தலைமையாசிரியரிடம் இப்போதே கேளுங்கள். அவர்கள் வந்தால் இந்தக் கேள்விக்கு உங்கள் இணைப்பு வரி ஒலிவாங்கியைக் கைமாற்றுவது மட்டுமே.

ஒத்திகையும் அன்றைய நாளும்

கேள்விகளை நீங்களாக யோசித்து எழுதினால் நீங்கள் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்தான் வரும். மருந்தாளுநரிடமும் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும், நாய்க்கடிக்கு வருகிறவர்கள் அலுத்துக்கொண்டு கேட்பவற்றை அவர்கள் சொற்களிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் போதும். ஒரு மதியம் புறநோயாளர் கூட்டம் முடிந்தபின், அவற்றைக் கலைத்துப்போட்டு, இருப்பதிலேயே கோபமான குரலில் அவர்கள் கேட்க, நின்றுகொண்டு பதில் சொல்லுங்கள். பதில் நன்றாக இருந்ததா என்று அவர்களிடம் கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். “இப்ப நான் என்ன செய்யச் சொன்னேன்?” என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதில் காரியம் இல்லாமல் காரணம் மட்டும் இருந்தால், அந்தப் பதிலில் கடைசி வாக்கியம் சரியில்லை என்று பொருள்.

கூட்டத்தன்று பேச்சிலிருந்து கேள்வி நேரத்துக்குப் போகும் இடத்துக்கும் ஒரு வரி வேண்டும். ‘யாருக்காவது கேள்வி இருக்கிறதா’ என்றால் பெரும்பாலும் அமைதிதான். அந்த அமைதியில் முதலில் எழுகிறவர் மிகவும் கோபமாக இருப்பவர். அதற்குப் பதிலாக, “ஆஸ்பத்திரியில என்கிட்ட எல்லாரும் முதல்ல கேக்குறது, வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்கு, அது கடிச்சா நாமளும் போடணுமான்னுதான்” என்று நீங்களே ஒரு கேள்வியை எடுத்து, போட வேண்டும் என்று சொல்லி, சுருக்கமாக விளக்கிவிட்டு, “இது மாதிரி உங்களுக்கு என்ன கேக்கணும்?” என்று நிறுத்துங்கள். எந்த அளவுக் கேள்வி கேட்கலாம், எவ்வளவு நீளத்தில் பதில் வரும் என்பது அவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும். கேள்வி கேட்காமல் தன் கதையை நீளமாகச் சொல்பவர் மூச்சு வாங்கும் இடத்தில், அவர் கதையிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து, “கன்னத்துல கடிச்சதுன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் வர்றேன்” என்று உள்ளே நுழையலாம். தலையிலும் முகத்திலும் கையிலும் பட்ட கடியை ஏன் தாமதிக்கக் கூடாது என்பதை அங்கிருந்து சொல்லிவிடலாம். தனிப்பட்ட நோய் விவரத்துக்குள் போக வேண்டியிருந்தால் மேடையில் நிறுத்தி, கீழே வந்து பேசுகிறேன் என்று சொல்லுங்கள்.

முடிவை ஒருங்கிணைப்பாளரின் நன்றியுரைக்கு விட்டுவிடாதீர்கள். கடைசியாக வந்த கேள்வி சண்டையில் முடிந்திருந்தால், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகும் பெற்றோர் மனத்தில் அதுதான் தங்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் இடைவெளி விடாமல், நீங்கள் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கும் இரண்டு வரியைச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கொடுத்துவிடுங்கள்: “கடிச்சா கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அன்னைக்கே ஊசி. சந்தேகம்னா 104.” அதன்பின் மேடையில் கேள்வி எடுக்க வேண்டாம். கீழே இறங்கி, செவிலியரையும் ஒரு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நில்லுங்கள். மேடையில் கேட்கத் தயங்கியவர்கள், குறிப்பாகத் தம் பிள்ளைக்கு ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்ட தாய்மார்கள், அப்போதுதான் வருவார்கள். பெயரையும் முதல் ஊசி போட்ட தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டு, விட்டுப்போன தவணைக்கு மறுநாள் காலை வரச் சொல்லி அனுப்புங்கள்.